பேஸ் ட்ரெபிள் சர்க்யூட் சொன்னபடி ஏற்றவில்லை, இறக்கவில்லை என்றால்: அறிகுறியை வைத்துப் பிழை தேடுவது

பாஸிவ் டோன் கன்ட்ரோலில் டிரான்சிஸ்டரும் இல்லை, ஐசியும் இல்லை. சில ரெசிஸ்டர், நான்கு கெப்பாசிட்டர், இரண்டு பாட், அவ்வளவுதான். ஆனாலும் கட்டி முடித்தவர்களில் பலர் "ஏதோ சரியில்லை" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எவ்வளவு ஏற வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும் என்ற எண் கையில் இல்லாததுதான் காரணம். அந்த எண்ணை முதலில் கணக்கிட்டுவிட்டால், அளந்த எண் எந்தப் பக்கம் விலகுகிறது என்பதே எந்தப் பாகம் தப்பு என்று காட்டிவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது ஜேம்ஸ் சர்க்யூட். 1949-ல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் ஈ. ஜே. ஜேம்ஸ் வெளியிட்டது. 1952-ல் பாக்ஸண்டால் அதே இதழில் தந்த ஃபீட்பேக் சர்க்யூட்டின் பெயரையே பலரும் இதற்கும் வைத்துவிடுகிறார்கள். இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. அந்தக் குழப்பத்தால் வரும் பிழையைக் கீழே முதல் அறிகுறியிலேயே பார்க்கலாம்.

சர்க்யூட்டும் சரியான எண்களும்

பேஸ் பக்கம்: உள்ளீட்டிலிருந்து R1 (10 கிலோ ஓம்) பேஸ் பாட்டின் மேல்காலுக்குப் போகிறது. பாட்டின் கீழ்க்காலிலிருந்து R2 (1 கிலோ ஓம்) கிரவுண்டுக்கு. பாட்டின் மேல்காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே C1 (22 நானோஃபாரட், உடம்பில் 223 என்று இருக்கும்). நடுக்காலுக்கும் கீழ்க்காலுக்கும் இடையே C2 (220 நானோஃபாரட், 224).

ட்ரெபிள் பக்கம்: உள்ளீட்டிலிருந்து C3 (2.2 நானோஃபாரட், 222) ட்ரெபிள் பாட்டின் மேல்காலுக்கு, கீழ்க்காலிலிருந்து C4 (22 நானோஃபாரட், 223) கிரவுண்டுக்கு. ட்ரெபிள் பாட்டின் நடுக்கால்தான் வெளியீடு. பேஸ் பாட்டின் நடுக்காலிலிருந்து R3 (10 கிலோ ஓம்) வந்து அதோடு சேர்கிறது. பாட் இரண்டும் 100 கிலோ ஓம், லாக் வகை.

எல்லா ஜோடியும் 10-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதைக் கவனியுங்கள். R1-க்கும் R2-க்கும் 10:1. கெப்பாசிட்டர்களில் மேலே இருப்பது கீழே இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. இந்த விகிதம்தான் இந்த சர்க்யூட்டின் முதுகெலும்பு. பாட் இரண்டும் சமநிலையில் இருக்கும்போது எல்லா அதிர்வெண்ணிலும் உள்ளீட்டில் பதினொன்றில் ஒரு பங்கு மட்டும் வெளியே வரும். அதாவது 1 வோல்ட் கொடுத்தால் 91 மில்லிவோல்ட், மைனஸ் 20.8 டெசிபல். மற்ற எல்லா ஏற்றத்தையும் இறக்கத்தையும் இந்த 91-லிருந்துதான் அளக்க வேண்டும்.

பேஸை முழுக்க ஏற்றினால் நடுக்கால் மேலே போய் C1-ஐ ஷார்ட் செய்துவிடுகிறது. மிஞ்சுவது மேலே R1, கீழே R2-வோடு சீரியஸில் பாட்டும் C2-வும் பேரலல். பேஸ் பாட்டின் 100 கிலோ ஓமை VR1 என்று வைத்தால் கணக்கு இப்படி:

```
H(f) = (VR1+R2)/(R1+VR1+R2) × √(1+(f/fz)²) / √(1+(f/fp)²)

fz = 1 / (2π·C2·(VR1 ∥ R2))      = 731 Hz
fp = 1 / (2π·C2·(VR1 ∥ (R1+R2))) = 73 Hz

f = 50 Hz:  H = 0.910 × 1.002 / 1.212 = 0.752
ஏற்றம் = 20·log10(0.752 / 0.0909) = +18.4 dB
```

இதே கணக்கு 100 ஹெர்ட்ஸில் 15.5 டெசிபல், 20 ஹெர்ட்ஸில் 19.7 டெசிபல் ஏற்றம் தரும். பாட் முழுசாகக் கொடுக்கக்கூடிய எல்லை 20 டெசிபல். அதைத் தாண்டாது.

50 ஹெர்ட்ஸில் 0.752 வோல்ட் என்பது R3-க்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று வைத்துப் போட்ட எண். உண்மையில் ட்ரெபிள் பக்கத்தின் C4 வெளியீட்டிலிருந்து கொஞ்சம் இழுக்கும். அதையும் சேர்த்துப் பார்த்தால் 0.72 வோல்ட் வரும், வித்தியாசம் அரை டெசிபலுக்குள்.

ட்ரெபிளை முழுக்க ஏற்றினால் C3 நேரடியாக வெளியீட்டில் வந்து சேர்கிறது. எதிரில் R3-யும், R1, R2 இரண்டின் பேரலல் மதிப்பும் சேர்ந்து 10.9 கிலோ ஓம். பாட்டின் 100 கிலோ ஓமையும் சேர்த்துப் போட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் 0.807 வோல்ட் வரும், அதாவது 19 டெசிபல் ஏற்றம். முழுக்க இறக்கினால் C4 வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வந்து நிற்கிறது. 10 கிலோஹெர்ட்ஸில் 13 மில்லிவோல்ட், ஏறக்குறைய 17 டெசிபல் இறக்கம். ஏற்றமும் இறக்கமும் இங்கே கண்ணாடிபோல் ஒத்துப்போகாது. ஏற்றம் மேலே போகப்போக 20 டெசிபலுக்குப் பக்கத்தில் தட்டையாகிவிடும். இறக்கம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், 15 கிலோஹெர்ட்ஸில் 20 டெசிபலைத் தாண்டும்.

அளப்பதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. சாதாரண மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்ச் 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது. பல மீட்டர்கள் 10 கிலோஹெர்ட்ஸில் பாதி அளவுகூடக் காட்டாது. ஆசிலாஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கம்ப்யூட்டரின் லைன் இன்புட்டில் பதிவு செய்து பார்க்கலாம். மைக் இன்புட் வேண்டாம், அது சில கிலோ ஓம் லோடாக நின்று அளவையே கெடுத்துவிடும். இரண்டாவது, 1 கிலோஹெர்ட்ஸை "எதுவும் மாறாத இடம்" என்று நம்பிவிடாதீர்கள். பேஸ் முழு ஏற்றத்தில் அங்கேயும் 1.8 டெசிபல் ஏறுகிறது, ட்ரெபிள் முழு ஏற்றத்தில் 4.8 டெசிபல் ஏறுகிறது. ஒப்பிட வேண்டிய 91 மில்லிவோல்ட்டை, பாட் இரண்டும் சமநிலையில் இருக்கும்போது மட்டுமே எடுக்க வேண்டும்.

அறிகுறி: இரண்டு பாட்டையும் நடுவில் வைத்தாலும் பேஸ் முழங்குகிறது, ட்ரெபிள் கீச்சிடுகிறது

இதுதான் அதிகம் பார்க்கும் பிழை. லாக் பாட்டுக்குப் பதில் லீனியர் பாட் போட்டிருப்பார்கள்.

சமநிலை வர வேண்டுமானால் பாட்டும் 10:1 என்று பிரிய வேண்டும். நடுக்காலிலிருந்து கீழ்க்காலுக்கு 9 கிலோ ஓம், மேல்காலுக்கு 91 கிலோ ஓம். லாக் பாட் பாதி சுற்றில் கீழ்ப்பக்கம் 10 முதல் 20 கிலோ ஓம் வரை காட்டும், ஆகவே சமநிலை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் விழுகிறது. லீனியர் பாட்டில் பாதி சுற்றுக்கு 50 கிலோ ஓம். சமநிலை எங்கே இருக்கிறது என்றால், 300 டிகிரி சுற்றில் கீழிருந்து வெறும் 27 டிகிரியில். கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பியவுடனே அந்த இடம் போய்விடும்.

நடுவில் வைத்த லீனியர் பாட் எவ்வளவு ஏற்றுகிறது? 50 ஹெர்ட்ஸில் C1-ன் எதிர்ப்பு 145 கிலோ ஓம், C2-வினுடையது 14.5 கிலோ ஓம். ஒவ்வொன்றும் 50 கிலோ ஓமோடு பேரலலில் இருக்கிறது. கணக்கை முடித்தால் 0.215 வோல்ட் வருகிறது, அதாவது 7.5 டெசிபல் ஏற்றம். 20 ஹெர்ட்ஸில் அதுவே 12 டெசிபல். ட்ரெபிள் பக்கம் 10 கிலோஹெர்ட்ஸில் 7.4 டெசிபல். ஆக 1 வோல்ட் கொடுத்து, பாட் நடுவில் இருக்க, 50 ஹெர்ட்ஸிலும் 10 கிலோஹெர்ட்ஸிலும் 91-க்குப் பதில் 215 மில்லிவோல்ட் சுற்றுவட்டத்தில் வந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

உறுதிசெய்ய பவரை அணைத்து, பாட்டின் ஒரு காலையாவது போர்டிலிருந்து கழற்றி, நடுவில் வைத்து, நடுக்காலுக்கும் கீழ்க்காலுக்கும் ஓம் அளந்து பாருங்கள். 50 கிலோ ஓம் என்றால் லீனியர். 10 முதல் 20 என்றால் லாக். 80-க்கு மேல் என்றால் பாட் லாக்தான், ஆனால் இரண்டு ஓரக் கால்களும் இடம் மாறியிருக்கின்றன. அப்போது கைப்பிடியைக் கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பினால் ஏறும், அது இன்னொரு சாட்சி. உடம்பில் A100K என்று இருந்தால் லாக், B100K என்றால் லீனியர் என்பது இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். பழைய ஐரோப்பிய பாட்களில் A என்பது லீனியரைக் குறிக்கும். எழுத்தை நம்புவதைவிட ஓம் அளப்பது மேல்.

பாக்ஸண்டால் சர்க்யூட்டுக்கு லீனியர் பாட் சரி. அங்கே ஃபீட்பேக் இருப்பதால் நடுவிலேயே சமநிலை கிடைக்கிறது. அந்தப் பாகப் பட்டியலைப் பார்த்து இந்த சர்க்யூட்டுக்கு வாங்கியதால்தான் பெரும்பாலும் இந்தத் தப்பு நடக்கிறது.

அறிகுறி: பேஸை ஏற்றினால் குரலும் சேர்ந்து ஏறுகிறது, இறக்கினால் ஒன்றும் குறைவதில்லை

C1, C2 இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. 223, 224 இரண்டும் ஒரே பச்சை நிறத்தில், ஒரே வடிவத்தில் வரும். அளவில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். கடைசி இலக்கத்தைப் படிக்காமல் சொருகினால் இது நடக்கும்.

மேலே இருக்கும் ஃபார்முலாவில் C2-க்கு 22 நானோஃபாரட்டைப் போட்டுப் பாருங்கள். 73 என்பது 730 ஆகிறது, 731 என்பது 7310 ஆகிறது. பேஸ் கன்ட்ரோல் முழுசாகப் பத்து மடங்கு மேலே நகர்ந்துவிட்டது. முன்பு 100 ஹெர்ட்ஸில் இருந்த 15.5 டெசிபல் ஏற்றம் இப்போது 1 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்காருகிறது. அதனால்தான் பாடகரின் குரல், மிருதங்கத்தின் வலந்தலை, ஹார்மோனியம் எல்லாம் சேர்ந்து பெரிதாகி, மொத்த ஒலியும் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிறது.

இறக்கும் பக்கம் நேர்மாறு. C1 இப்போது 220 நானோஃபாரட், ஆகவே பாட்டைச் சுற்றி 50 ஹெர்ட்ஸே வழி கண்டுபிடித்துப் போய்விடுகிறது. 50 ஹெர்ட்ஸில் இறக்கம் 5 டெசிபல் மட்டும். ஏற்றத்தில் 1 கிலோஹெர்ட்ஸ் பலமாக எகிற, இறக்கத்தில் 50 ஹெர்ட்ஸ் அசையாமல் இருந்தால் அது இந்தப் பிழையின் கையெழுத்து. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் இடம் மாறவில்லை, ஒரு கெப்பாசிட்டர் மட்டும் தப்பான மதிப்பு. ஏற்றத்தைத் தீர்மானிப்பது C2 மட்டும், இறக்கத்தைத் தீர்மானிப்பது C1 மட்டும். எந்தப் பக்கம் கெட்டிருக்கிறதோ அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்து பாருங்கள்.

இந்த இடங்களுக்குப் பாலியெஸ்டர் வகையே நல்லது. 220 நானோஃபாரட்டுக்கு மலிவான டிஸ்க் செராமிக் போட்டால் மதிப்பு எழுதியதிலிருந்து வெகுதூரம் விலகி இருக்கும். ஸ்டீரியோவில் இடதும் வலதும் ஒன்றாக ஏறாததற்கு அடிக்கடி அதுவே காரணம்.

அறிகுறி: பேஸ் ஏறுகிறது, ஆனால் அடியில் கனம் இல்லை

100 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓரளவு கேட்கிறது, 50-ல் ஒன்றுமில்லை. டோன் சர்க்யூட்டை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் இருக்கும் கப்ளிங் கெப்பாசிட்டரைப் பாருங்கள்.

பேஸ் முழு ஏற்றத்தில் 50 ஹெர்ட்ஸுக்கு இந்த சர்க்யூட் காட்டும் இன்புட் இம்பிடன்ஸ் 19 கிலோ ஓம் மட்டும், அதிலும் பெரும்பகுதி C2-வின் கெப்பாசிட்டிவ் எதிர்ப்பு. "பாட் 100 கிலோ ஓம், ஆகவே 0.1 மைக்ரோஃபாரட் போதும்" என்று கணக்குப் போட்டிருந்தால் தப்பாகிவிட்டது. 0.1 மைக்ரோஃபாரட்டின் எதிர்ப்பு 50 ஹெர்ட்ஸில் 32 கிலோ ஓம். அது C2-வோடு சீரியஸில் சேர்ந்து சிக்னலைப் பங்கு போட்டுக்கொள்கிறது. இழப்பு 7.9 டெசிபல். 18 டெசிபல் ஏற்றம் எதிர்பார்த்த இடத்தில் 10 மட்டுமே மிஞ்சும். 1 மைக்ரோஃபாரட் போட்டால் இழப்பு 1 டெசிபல், 2.2 போட்டால் அரை டெசிபல். 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை. டிரான்சிஸ்டர் பக்கம் டிசி வோல்டேஜ் இருப்பதால் பிளஸ் கால் அந்தப் பக்கம்.

கப்ளிங் சரியாக இருந்தும் குறைகிறது என்றால் பின்னால் இருக்கும் ஸ்டேஜ் லோடாக இழுக்கிறது. அதிர்வெண் இறங்க இறங்க சர்க்யூட்டின் வெளியீட்டு இம்பிடன்ஸ் ஏறுகிறது, அதனால் அதே லோடு நடு அலைவரிசையில் குறைவாகவும் 50 ஹெர்ட்ஸில் அதிகமாகவும் தின்றுவிடும். அடுத்த ஸ்டேஜ் 47 கிலோ ஓம் என்றால், நடு அலைவரிசையோடு ஒப்பிட 50 ஹெர்ட்ஸ் ஏற்றத்தில் ஒன்றரை டெசிபல் கூடுதலாகப் போகும். 10 கிலோ ஓம் என்றால் 4 டெசிபலுக்கு மேல் போகும். பவர் ஆம்ப் போர்டுகள் சில 10 முதல் 20 கிலோ ஓம் இன்புட்டோடு வருகின்றன. அவற்றை நேரடியாக மாட்டினால் இந்த அறிகுறி வரத்தான் செய்யும்.

அறிகுறி: ட்ரெபிள் முழுசாகத் திருப்பியும் சலங்கை ஒலி தெளியவில்லை

வால்யூமை முழுக்க வைத்து ஒருமுறை, பாதியில் வைத்து ஒருமுறை கேளுங்கள். வால்யூமைக் குறைத்தால் ட்ரெபிளும் சேர்ந்து போகிறது என்றால் குற்றவாளி வால்யூம் பாட். எப்போதும் ஒரே மாதிரி குறைவாகவே இருக்கிறது என்றால் R3.

முதலாவது ஏன் நடக்கிறது? 100 கிலோ ஓம் வால்யூம் பாட் டோன் சர்க்யூட்டுக்கு முன்னால் இருந்தால், அதன் நடுக்காலின் சோர்ஸ் இம்பிடன்ஸ் ஓம் கணக்கில் பாதி இடத்தில் 25 கிலோ ஓம் வரை போகும். ட்ரெபிள் முழு ஏற்றத்தில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு டோன் சர்க்யூட் காட்டும் இன்புட் இம்பிடன்ஸ் வெறும் 6 கிலோ ஓம். 10 கிலோ ஓம் சோர்ஸ் இருந்தாலே 10 கிலோஹெர்ட்ஸில் 8.4 டெசிபல் விழுகிறது. அதே சோர்ஸால் நடு அலைவரிசையில் விழுவது 4.7 டெசிபல். இரண்டின் வித்தியாசமான மூன்றரை டெசிபலுக்கு மேற்பட்ட அளவு உங்கள் ட்ரெபிள் ஏற்றத்திலிருந்து போகிறது. 25 கிலோ ஓமுக்கு இன்னும் மோசம்.

வால்யூம் பாட்டை டோன் சர்க்யூட்டுக்கும் அதை ஈடுகட்டும் ஆம்ப் ஸ்டேஜுக்கும் பின்னால் மாற்றுவது நல்ல தீர்வு. முடியாவிட்டால் நடுவில் ஒரு எமிட்டர் ஃபாலோயர் போடுங்கள்: BC547, 12 வோல்ட் சப்ளை, டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கு மேலும் கீழும் 100 கிலோ ஓம், எமிட்டரில் 4.7 கிலோ ஓம், உள்ளேயும் வெளியேயும் 10 மைக்ரோஃபாரட். எமிட்டரில் 5 வோல்ட் சுற்றுவட்டத்தில் இருந்தால் சரியாக வேலை செய்கிறது. பொதுவாக, சோர்ஸ் இம்பிடன்ஸ் R1-ல் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது 1 கிலோ ஓமுக்குள் இருந்தால் மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும்.

இரண்டாவது, R3. அதன் வேலை பேஸ் பாட்டின் நடுக்காலையும் ட்ரெபிள் வெளியீட்டையும் பிரித்து வைப்பது. C3 கொண்டுவரும் உயர் அதிர்வெண்ணை R3-தான் R2 வழியாகக் கிரவுண்டுக்குப் போகாமல் தடுக்கிறது. R3 இல்லாமல் நேரடியாக வயர் போட்டுவிட்டால் 10 கிலோஹெர்ட்ஸ் ஏற்றம் 19-லிருந்து நாலரை டெசிபலுக்கு இறங்கிவிடும். R3-க்கு 10 கிலோவுக்குப் பதில் 1 கிலோ போட்டால் 9 டெசிபல். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்பது 10 கிலோ. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்பது 1 கிலோ. மங்கலான விளக்கில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றாகத்தான் தெரியும், ஆகவே சால்டர் வைக்கும் முன் மீட்டரில் வைத்துப் பாருங்கள்.

அந்தத் தப்பே மறுபக்கமும் நடக்கும். R2-க்கு 10 கிலோ ஓம் போய்விட்டால், பேஸ் பக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், நடு அலைவரிசையில் சமநிலை வெளியீடு 91 மில்லிவோல்ட் இருக்காது, அரை வோல்ட்டுக்குப் பக்கத்தில் எகிறிவிடும். சத்தம் நன்றாக இருக்கிறதே என்று மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் பேஸ் ஏற்றம் 5 டெசிபலோடு நின்றுவிடும். இந்த சர்க்யூட்டில் ஏற்றம் என்பது முன்பே குறைத்து வைத்ததைத் திருப்பித் தருவது மட்டும்தான். எவ்வளவு குறைத்தோமோ அதற்கு மேல் ஏற்ற வழியே இல்லை. R2-வின் கிரவுண்ட் சால்டர் விட்டுப்போனாலும் இதே கதையின் உச்சக்கட்டம்: சத்தம் பல மடங்கு எகிறும், பேஸ் பாட் திருப்பினால் ஏற்றமும் பெரிதாக இராது, இறக்கமும் பெரிதாக இராது.

அறிகுறி: பேஸ் இறக்கம் கணக்குப்படி வரவில்லை, 15 டெசிபலில் நிற்கிறது

இது பிழை இல்லை. இதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பேஸ் பக்கத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 50 ஹெர்ட்ஸில் இறக்கம் 18.4 டெசிபல் வரும், 1 வோல்ட்டுக்கு 11 மில்லிவோல்ட். ஆனால் முழு சர்க்யூட்டில் அளந்தால் 16 மில்லிவோல்ட் இருக்கும், 15 டெசிபல். அந்த அதிகப்படி 5 மில்லிவோல்ட் C3 வழியாக வருகிறது. 50 ஹெர்ட்ஸில் C3-ன் எதிர்ப்பு 1.4 மெகா ஓமுக்கு மேல். அது பெரிதாகத் தெரியலாம், ஆனால் பேஸ் பாதை அப்போது 90-ல் ஒரு பங்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதால் அந்தச் சின்னக் கசிவும் எண்ணிக்கையில் ஏறுகிறது. ட்ரெபிள் பாட் எங்கே இருந்தாலும் இந்தக் கசிவு ஏறக்குறைய மாறாது. ஏற்றும்போது பேஸ் பாதையிலேயே முக்கால் வோல்ட் இருப்பதால் இது கண்ணுக்கே தெரிவதில்லை.

ட்ரெபிள் இறக்கத்திலும் இதே மாதிரி நடக்கிறது. 10.9 கிலோ ஓம், C4 இரண்டை மட்டும் வைத்தால் 10 கிலோஹெர்ட்ஸில் 23.6 டெசிபல் இறக்கம் வர வேண்டும். வருவது 17. பாட்டின் 100 கிலோ ஓம் வழியாக மேலிருந்து வரும் கசிவு, பேஸ் பாதையில் வருவதைவிடவே அங்கே கொஞ்சம் அதிகம். 16, 13 மில்லிவோல்ட் என்ற இந்த இரண்டு எண்களும் உங்களுக்கு வந்துவிட்டால் சர்க்யூட் ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள்.

அறிகுறி: மொத்த சத்தமும் குறைந்துவிட்டது, ஏற்றினால் பிளிறுகிறது

இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். 300 மில்லிவோல்ட் கொடுக்கும் போனை மாட்டினால் சமநிலையில் 27 மில்லிவோல்ட் மட்டும் வெளியே வரும். அரை வோல்ட் வேண்டிய பவர் ஆம்ப் அதை வைத்து என்ன செய்யும்? பின்னால் 11 மடங்கு கெயின் வேண்டும். TL071 போன்ற ஆப்ஆம்பை நான்-இன்வர்ட்டிங்காக, ஃபீட்பேக்கில் 10 கிலோ ஓமும் கிரவுண்டுக்கு 1 கிலோ ஓமும் வைத்தால் சரியாக 11 மடங்கு, இழந்த 20.8 டெசிபல் திரும்பிவிடும். பிளஸ் இன்புட்டின் பயாஸ் ரெசிஸ்டரை 470 கிலோ ஓமுக்குக் குறையாமல் வையுங்கள், மேலே சொன்ன லோடு பிரச்சினை வராது.

ஈடுகட்டிய பிறகு ஏற்றம் உண்மையான ஏற்றமாகிவிடுகிறது. உள்ளே 200 மில்லிவோல்ட் போனால் 50 ஹெர்ட்ஸில் முழு ஏற்றத்துக்கு வெளியே ஏறக்குறைய 1.6 வோல்ட், உச்சிக்கு உச்சி நாலரை வோல்ட். சின்ன சப்ளையில் ஓடும் ஆப்ஆம்ப் அங்கேயே தலையை வெட்டிவிடும். அதைத் தாண்டினாலும் பவர் ஆம்ப் தாங்க வேண்டும்: 18.4 டெசிபல் என்பது பவரில் 69 மடங்கு. நடு அலைவரிசையில் 1 வாட் ஓடிக்கொண்டிருக்கும்போது பேஸை முழுக்க ஏற்றினால் 50 ஹெர்ட்ஸில் 69 வாட் கேட்கிறீர்கள். 20 வாட் ஆம்ப் பிளிறுவதற்கு டோன் சர்க்யூட்டைக் குறைசொல்ல முடியாது. 12 டெசிபல் ஏற்றம் போதும் என்று நினைப்பவர்கள் R2-வை 3.3 கிலோ ஓமாகவும், கெப்பாசிட்டர், லாக் பாட் இவற்றின் விகிதத்தையும் 3:1 பக்கம் கொண்டுவந்து மறுகணக்குப் போடலாம். R2-வை மட்டும் மாற்றினால் சமநிலை குலைந்துவிடும்.

அறிகுறி: பாட்டைத் திருப்பும்போது கரகரப்பு, பேஸ் ஏற்றினால் உறுமல்

கரகரப்புக்கு பாட்டில் ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் டிசி அளந்து பாருங்கள். சிக்னலை எடுத்துவிட்டு, பேஸ் பாட்டின் மேல்காலில் கிரவுண்டுக்கு அளந்தால் சுழி இருக்க வேண்டும். அங்கிருந்து கிரவுண்டுக்கு 101 கிலோ ஓம், ஆகவே 0.1 வோல்ட் தெரிந்தாலே முன்னால் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் 1 மைக்ரோ ஆம்பியர் கசிகிறது என்று பொருள். மேல்காலில் இல்லை, ட்ரெபிள் நடுக்காலில் மட்டும் டிசி இருக்கிறது என்றால் அது அடுத்த ஸ்டேஜின் பயாஸ். வெளியீட்டில் கப்ளிங் கெப்பாசிட்டர் போடாமல் டிரான்சிஸ்டரின் பேஸ் காலில் நேரடியாக மாட்டியிருப்பார்கள். அப்போது பேஸ் கன்ட்ரோலைத் திருப்பும்போதெல்லாம் அந்த டிரான்சிஸ்டரின் கலெக்டர் வோல்டேஜும் கூடவே அசையும். மீட்டரைக் கலெக்டரில் வைத்துக்கொண்டு பாட்டைத் திருப்பினால் கண்முன்னே தெரியும்.

உறுமலுக்கு, சப்ளையின் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வையுங்கள். அந்த இடத்தில் முழு ஏற்றம் 15.5 டெசிபல், ஏறக்குறைய 6 மடங்கு. ஏற்றாதபோது காதுக்கு எட்டாத உறுமல் ஏற்றியவுடன் எழுந்து நிற்பது அதனால்தான். டோன் சர்க்யூட்டுக்கு முந்தைய ஸ்டேஜின் சப்ளையில் 100 ஓமும் 470 மைக்ரோஃபாரட்டும் சேர்த்து ஒரு ஃபில்டர் வையுங்கள். உறுமல் அப்படியே இருந்து, பாட்டின் உலோக உடம்பைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்றால் சப்ளை காரணமில்லை. பாட் உடம்புகள் இரண்டையும் ஒரே வயரால் இணைத்து, R2-வும் C4-ம் கிரவுண்டாகும் அதே புள்ளியில் கொண்டுபோய் சால்டர் செய்யுங்கள்.